நம்பர் புதுசு, சிபாரிசு வரும் முகங்கள் வேற யாரோடதோ

புது சிம் வாங்கி, அந்த நம்பரை சமூக வலைத்தளக் கணக்கில் சேர்த்த ஒரு வாரத்தில், "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று சம்பந்தமே இல்லாத ஆட்கள் வரிசையாக வர ஆரம்பிப்பது பலருக்கு நடக்கிற விஷயம். "போன் ஒட்டுக் கேக்குது" என்று சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். அந்த அளவுக்கெல்லாம் போக வேண்டியதில்லை. காரணம் ரொம்பச் சாதாரணமானது, ஆனால் சரிசெய்கிற வழியைப் பலரும் தப்பான முனையிலிருந்து பிடிக்கிறார்கள்.

முதலில் ஒரு அடிப்படை. செயலிக்கு காண்டாக்ட்ஸ் அனுமதி கொடுத்ததும் உங்கள் போனில் இருக்கும் பெயர்களும் எண்களும் அவர்களுடைய சர்வருக்குப் போய் ஒரு பிரதியாக உட்காருகின்றன. அங்கே நடப்பது ஒரு தேடல்தான். ஆனால் அது இரண்டு திசையிலும் நடக்கும். எளிமையாக எழுதினால் இப்படி:

```
-- 1: என் பட்டியலில் இருக்கும் எண்கள் எவை?
SELECT phone FROM uploads WHERE uploader = :me;
-- 2: என் எண்ணை யார் யார் ஏற்றியிருக்கிறார்கள்?
SELECT uploader FROM uploads WHERE phone = :my_number;
```

முதல் கேள்வி எல்லோருக்கும் புரியும். இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறோம். என் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கும் எனக்கும் ஏதோ பழக்கம் இருக்கும் என்று கணினி நினைக்கிறது. அந்த நம்பர் நேற்று வரை வேறொருவருடையது என்பது அதற்குத் தெரியாது.

இந்தியாவில் ஒரு எண் துண்டிக்கப்பட்டால், குறைந்தது 90 நாளுக்கு வேறு யாருக்கும் தரப்படுவதில்லை என்று 2023 நவம்பரில் டிராய் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 90 நாள் என்பது சிம்முக்குப் போதும். மனிதர்களின் போன் புத்தகத்துக்கு? பத்து வருடம் முன்னால் சேமித்த எண்ணை யாராவது அழிக்கிறோமா என்ன?

என் மைத்துனர் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் இருக்கிறார், ஜவுளித் தொழில். புது நம்பரைக் கணக்கில் சேர்த்த பிறகு அவருக்கு நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிக்காரர்களாகவே சிபாரிசு. டயர் கடை, பாடி கட்டும் பட்டறை, புக்கிங் ஆபீஸ் என்று ஒரே தொழில். அவர் செய்த முதல் வேலை, தான் ஏற்றிய காண்டாக்ட்ஸ் மொத்தத்தையும் அழித்தது. பத்து நாள் கழித்தும் அதே லாரிகள்.

எந்தத் திசை என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். சிபாரிசில் வந்த ஐந்தாறு பேரை எடுத்து, அவர்கள் உங்கள் போன் புத்தகத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய எண்ணாகவாவது இருந்தால் அது முதல் திசை, உங்கள் பட்டியல் பழசாகிவிட்டது. ஒருவர்கூட இல்லை, ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே ஊர் அல்லது ஒரே தொழில் என்றால் அது பெரும்பாலும் இரண்டாம் திசை. அதாவது உங்கள் எண்ணின் முன்னாள் சொந்தக்காரருடைய உலகம். மைத்துனருக்கு நடந்தது இதுதான். அவர் அழித்தது அவருடைய பட்டியலை. பிரச்சினை இருந்தது லாரிக்காரர்களின் பட்டியலில். அதை அவரால் தொடவே முடியாது.

அப்போ என்ன வழி? இரண்டு திசைக்கும் தனித்தனி வைத்தியம்.

முதல் திசைக்கு, வரிசை முக்கியம். முதலில் போன் புத்தகத்திலேயே பழைய எண்களைத் திருத்துங்கள். பிறகு ஏற்றுவதை நிறுத்துங்கள், கடைசியாகத்தான் சர்வரில் இருப்பதை அழிக்க வேண்டும். நிறுத்தாமல் அழித்தால், செயலி அடுத்த முறை விழித்ததும் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிவிடும். டெலிகிராமில் Settings → Privacy and Security போய், முதலில் Sync Contacts-ஐ அணைத்துவிட்டு, அதன் பிறகு Delete Synced Contacts. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் Accounts Center → Your information and permissions → Upload contacts. போனின் அமைப்புகளில் காண்டாக்ட்ஸ் அனுமதியையும் எடுத்துவிடுங்கள். ஆனால் அனுமதியை மட்டும் எடுத்தால் போதாது; அது இனிமேல் போவதைத்தான் தடுக்கும், ஏற்கனவே போனதை அழிக்காது. அதே கணக்கு வீட்டில் ஒரு டேப்லெட்டிலும் திறந்திருந்தால் அங்கேயும் அணைக்க வேண்டும். அழித்த பட்டியல் திரும்பத் திரும்ப முளைத்தால் அங்கேதான் முதலில் பார்க்கணும்.

இரண்டாம் திசைக்கு, நம் கையில் இருப்பது நம் எண் மட்டும்தான். அந்த எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மின்னஞ்சலை வைத்துக்கொள்வது ஒரு வழி. ஆனால் அதற்கு முன்னால், இரண்டு கட்டச் சரிபார்ப்பு எஸ்எம்எஸ் வழியாக வருகிறதா என்று பார்த்து, அதை ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் உங்களையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வீர்கள். மெட்டா நிறுவனத்தில் இன்னொரு கதவும் உண்டு: facebook.com/contacts/removal. மற்றவர்கள் உங்கள் எண்ணை ஏற்றியிருக்கிறார்களா என்று அங்கே கேட்கலாம், இருந்தால் அழிக்கச் சொல்லலாம். எண் உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்த ஒரு குறியீடு அனுப்புவார்கள். மறுபடி ஏற்றப்படாமல் தடுப்பதற்காக உங்கள் எண்ணின் ஒரு பிரதியைத் தடைப் பட்டியலில் வைத்திருப்பார்கள். கேட்க விநோதமாக இருந்தாலும், எதைத் தடுப்பது என்று தெரிய வேண்டுமே, வேறு வழியில்லை.

மைத்துனர் எண்ணை எடுத்துவிட்டார். லாரிகள் அன்றைக்கே மறையவில்லை, சில வாரங்களில் குறைந்தன. சிபாரிசு ஊர், பொது நண்பர்கள் என்று வேறு தடயங்களையும் பார்த்து வருவது. அதற்குள் இரண்டு லாரிக்காரர்களுக்கு அவர் நட்பு அழைப்பு ஏற்றிருந்ததால், அவர்கள் வழியாக இன்னும் சிலர் வந்துகொண்டிருந்தார்கள்.

இது வரை சொன்னது தொந்தரவு. ஆபத்து இருப்பது நீங்கள் கைவிட்ட பழைய எண்ணில். அது நாளைக்கு வேறொருவர் கைக்குப் போகும். அவர் டெலிகிராமில் சேர்ந்தால், உங்கள் அத்தையின் போனில் அவர் எந்தப் பெயரில் தெரிவார்? அத்தை சேமித்து வைத்த பெயரில், அதாவது உங்கள் பெயரில். குடும்பப் படங்கள் ஒரு முன்பின் தெரியாதவருக்குப் போக இது போதும். அதோடு, பழைய எண்ணில் உங்கள் கணக்கை அப்படியே விட்டிருந்தால், புது சிம்காரருக்கு வரும் எஸ்எம்எஸ் குறியீட்டை வைத்து அவர் உங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியும், நீங்கள் இரண்டாம் கடவுச்சொல் வைத்திருந்தால் ஒழிய.

அதனால் பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே, புதுக் கணக்கு தொடங்காமல், செயலிக்குள் இருக்கும் Change Number வழியாகக் கணக்கையே புது எண்ணுக்கு நகர்த்துங்கள். வங்கி, மின்னஞ்சல் என்று பழைய எண் எங்கெல்லாம் மீட்பு எண்ணாக இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றுங்கள். அதிகம் பேசுகிற இருபது பேருக்கு, "பழைய நம்பரை அழிச்சிடுங்க" என்று ஒரு செய்தி போடுங்கள். "என் புது நம்பர் இது" என்று மட்டும் சொன்னால் அதைச் சேர்த்துக்கொள்வார்கள், பழசு அப்படியே கிடக்கும்.