ஒரே ஸ்லைடில் கதையும் பாடமும்

பயிற்சி வகுப்பு எடுப்பவர் தன் அனுபவம் ஒன்றையும் அதிலிருந்து பிறந்த யோசனையையும் ஒரே ஸ்லைடில் வைக்கும்போது, கதை வளர்ந்து பாடத்தை மூடிவிடுவதுண்டு. கேட்டவர்களுக்குச் சம்பவம் நினைவிருக்கும்; செய்ய வேண்டியது மறந்துபோகும்.

சிறு கடைக்காரர்களுக்கு யுபிஐ மோசடி பற்றி நடத்தும் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பேச்சாளர் பழைய கட்டிலை விற்க விளம்பரம் கொடுத்திருந்தார். வாங்க வந்தவர் நேரில் வராமல், "இதை ஸ்கேன் செய்யுங்கள், 4,500 ரூபாய் உங்கள் கணக்குக்கு வந்துவிடும்" என்று க்யூஆர் கோடு ஒன்றை அனுப்பினார். ஸ்கேன் செய்ததும் திரை பின் நம்பரைக் கேட்டது. பேச்சாளருக்குச் சந்தேகம் தட்டியது, நிறுத்திக்கொண்டார்.

அவர் முதலில் தயாரித்த ஸ்லைடின் தலைப்பு 'எனக்கு நடந்தது'. கீழே ஒன்பது வரிகள்: கட்டில் எந்த மரம், வாங்க வந்தவர் எந்த ஊர்க்காரர் என்று சொன்னார், எத்தனை முறை போன் செய்தார் என்பதெல்லாம் அதில் இருந்தன. பத்தாவது வரியில், சின்ன எழுத்தில், பின் நம்பர் பற்றிய எச்சரிக்கை. பின்வரிசையில் இருப்பவர் கண்ணுக்கு அது எட்டாது.

திருத்தம் தலைப்பிலிருந்து தொடங்குகிறது. பொருளின் பெயரைப் போடாமல், சொல்ல வந்த முடிவையே முழு வாக்கியமாகத் தலைப்பில் வைத்து, அதற்கான சான்றைக் கீழே காட்டும் முறையை அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் ஆலி பரப்பினார். அதன்படி இங்கே தலைப்பு: 'பணம் வாங்க யுபிஐ பின் தேவையில்லை.' இந்த வாக்கியத்தைச் சரியாக அமைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. 'க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள்' என்று எழுதத் தோன்றும். கதை அப்படித்தான் இழுக்கும். ஆனால் கடைகளில் அன்றாடம் பணம் கைமாறுவதே அந்தக் கோடால்தான். 'பணம் அனுப்ப மட்டுமே பின்' என்பதும் பிழை; கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் பின் கேட்கும். மோசடியின் தந்திரம் நாளை மாறலாம், விதி மாறாது. எனவே தலைப்பில் விதிதான் நிற்க வேண்டும்.

அடுத்தது கதையைக் குறைப்பது. ஒவ்வொரு விவரத்தையும் எடுத்துப் பார்த்து, அது போனால் பாடம் புரியாமல் போகுமா என்று கேட்க வேண்டும். மரமும் ஊரும் போனால் ஒன்றும் குறையாது. பணம் 'வரும்' என்று சொன்னதும், திரை பின் கேட்டதும் போனால் கதையே நிற்காது. மிஞ்சுவது இவ்வளவுதான்: 'கட்டில் விற்றேன். 4,500 ரூபாய் வரும் என்று கோடு அனுப்பினார். ஸ்கேன் செய்தேன், பின் கேட்டது.' பக்கத்தில் பின் கேட்கும் திரையின் படம். அடியில் செயல் வரி: 'பணம் வர வேண்டிய நேரத்தில் பின் கேட்டால், அங்கேயே வெளியேறுங்கள்.' மற்ற விவரங்களை ஒரு நிமிடத்துக்குள் வாயால் சொல்லிக்கொள்ளலாம். அவற்றுக்கு இடம் ஸ்லைடின் அடியிலுள்ள பேச்சுக் குறிப்புப் பகுதி. எழுத்து 24 புள்ளிக்குக் கீழே போனால்தான் இடம் போதும் என்ற நிலை வந்தால், குறைக்க வேண்டியது கதையைத்தான், எழுத்தின் அளவை அல்ல.

பாடத்தை முதலிலேயே காட்டினால் கதையின் சுவை கெடாதா என்ற தயக்கம் வரும். ஷானன் ஹார்ப், ரிச்சர்ட் மேயர் இருவரும் 1998இல் மின்னல் எப்படி உண்டாகிறது என்ற பாடத்தை வைத்து ஆராய்ந்தார்கள். சுவையான, ஆனால் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத செய்திகளைத் தொடக்கத்தில் வைத்தபோது புரிதல் அதிகம் பாதிக்கப்பட்டது. கடைசியில் வைத்தபோது அந்தப் பாதிப்பு குறைந்தது. பாடத்தோடு ஒட்டிய அனுபவத்துக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தாது என்றாலும், கேட்பவர் மனம் முதலில் எதைப் பற்றிக்கொள்கிறது என்பதை அது காட்டுகிறது. திருப்பத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டுமென்றால் கதையை முதலில் சொல்லி, ஒரு கிளிக்கில் தலைப்பை வரவழைக்கலாம். அப்படிச் செய்தால், கிளிக் செய்யும்வரை ஸ்லைடில் பாடமே இல்லை. பேச்சு நீண்டு அதைத் தாண்டிப் போகும் அபாயமும் உண்டு.

ஸ்லைடு சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்க, வகுப்புக்குச் சம்பந்தமில்லாத ஒருவருக்குப் பத்து விநாடி காட்டி மூடிவிட வேண்டும். பிறகு, "என்ன செய்யணும்னு இருந்துச்சு?" என்று கேட்க வேண்டும். "பணம் வரணும்னா பின் போடக் கூடாது" என்றால் வேலை முடிந்தது. "யாரோ கட்டில் வித்தாங்க" என்றால் கதையில் இன்னும் ஒரு வரி அதிகம். இரண்டு பாடங்களைச் சொன்னால், அந்தச் சம்பவத்தை இரண்டு ஸ்லைடாகப் பிரிக்க வேண்டும்.