சுழற்சியின் கணக்கு – 7: உச்சியைக் கடக்கும் கேமரா

சுழற்சி ஒன்றை அலகு குவாட்டர்னியனாக எழுதும்போது, சுழலும் கோணத்தில் பாதிதான் அதற்குள் போய் உட்காருகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் பாதிக்கோணம் இந்த வாரமும் தேவைப்படும். ஹாமில்டன் 1843இல் டப்ளினில் கண்டெடுத்த இந்த எண்களை, 1985இல் கென் ஷூமேக் சிக்ராஃப் மாநாட்டுக் கட்டுரை ஒன்றின் வழியே கணினி அனிமேஷனுக்குள் கொண்டுவந்தார். ஒரு பொருளின் தொடக்கத் திசையமைவும் முடிவுத் திசையமைவும் தெரியும். இடையில் அது எப்படித் திரும்ப வேண்டும்? இதற்கு அவர் தந்த விடைதான் ஸ்லெர்ப். அதன் பெரிய லாபம் சீரான வேகம் என்றே பல பாடநூல்கள் சொல்கின்றன. நான் அதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். இடைப்பட்ட பாதையை இரண்டு திசையமைவுகளே தீர்மானிக்கின்றன, அவற்றை நாம் எழுதிவைத்த விதம் தீர்மானிப்பதில்லை என்பதே முதல் லாபம்.

அனிமேஷன் படம் ஒன்றில், தரையிலிருந்து 80 பாகை மேலே பார்க்கும் ஒரு கேமராவை எடுத்துக்கொள்வோம். அது இன்னும் 20 பாகை நிமிர்ந்து, தலை உச்சியைத் தாண்டிப் பின்பக்கம் சாய வேண்டும். மிக எளிய அசைவு. ஆனால் ஆய்லர் கோணங்களில் ஏற்றக்கோணம் பொதுவாக 90 பாகையைத் தாண்டுவதில்லை. அதனால் மென்பொருள் அந்த முடிவுநிலையைப் பெரும்பாலும் திருப்பம் 180, ஏற்றம் 80, உருட்டல் 180 என்று எழுதிவைக்கும். இதில் தவறு எதுவும் இல்லை, அதே நிலைதான். இப்போது மூன்று எண்களையும் தனித்தனியே சீராக நகர்த்திப் பாருங்கள். ஏற்றம் 80இலேயே நின்றுவிடுவதால் கேமரா உச்சியைத் தொடவே தொடாது. அதைச் சுற்றி, 10 பாகை தள்ளியே, அரைவட்டம் போட்டு மறுபக்கம் இறங்கும். உருட்டலை 180 என்பதற்குப் பதில் −180 என்று எழுதினாலும் முடிவுநிலை அதேதான். ஆனால் இரண்டில் ஒரு குறியில் திருப்பமும் உருட்டலும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். மற்றதில் இரண்டும் கூடிக்கொண்டு, படம் ஏறத்தாழ ஒரு முழுச் சுற்றுச் சுழன்றுவிடும்.

இதையே குவாட்டர்னியனில் எழுதினால், பக்கவாட்டு அச்சு ஒன்றே போதும். தொடக்கநிலையில் 40 பாகையின் கோசைனும் சைனும், அதாவது 0.766, 0.643. முடிவுநிலையில் 50 பாகைக்குரிய 0.643, 0.766. மற்ற இரண்டு உறுப்புகளும் பூச்சியம். இரண்டின் புள்ளிப்பெருக்கம் 0.985, அதாவது 10 பாகையின் கோசைன். 20 பாகைச் சுழற்சியின் பாதி இது. இந்தக் கோணத்தை Ω என்று கொண்டால்,

```
q(t) = [ sin((1−t)Ω)·q0 + sin(tΩ)·q1 ] / sin Ω
```

t = 0.5 என்று போட்டால் 45 பாகையின் கோசைனும் சைனும் கிடைக்கும். கேமரா நேராக உச்சியைப் பார்க்கிறது.

அப்படியானால் எழுதும் விதம் இங்கே தலையிடவே இல்லையா என்று கேட்கலாம். ஒரே ஓர் இடத்தில் தலையிடுகிறது. உருட்டலை −180 என்று வைத்துக் குவாட்டர்னியனைக் கணக்கிட்டால் −0.643, −0.766 வரும். q, −q இரண்டும் ஒரே திசையமைவு. ஆனால் புள்ளிப்பெருக்கம் −0.985 ஆகிறது, Ω 170 பாகை ஆகிறது, கேமரா 20 பாகைக்குப் பதில் 340 பாகை எதிர்ப்பக்கமாகச் சுற்றி வருகிறது. திரையில் ஓர் உருவத்தின் கை திடீரென நீண்ட வழியாகச் சுழன்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் குறியைத்தான். மருந்து எளிது: புள்ளிப்பெருக்கம் எதிர்க்குறியாக வந்தால், ஒன்றின் குறியை மாற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். ஆய்லரில் இப்படி ஒரே சோதனையில் தப்பிவிட முடியாது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. சைன்களை விட்டுவிட்டு, இரண்டு குவாட்டர்னியன்களையும் நேர்கோட்டில் கலந்து, நீளத்தை மீண்டும் ஒன்றாக்கினால் போதாதா? பாதை அதேதான், வேகம் மட்டும் நடுவில் கூடும். நம் கேமராவுக்கு அந்தக் கூடுதல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு; கண்ணுக்குத் தெரியாது. Ω மிகச் சிறிதானால் ஸ்லெர்ப்பே பூச்சியத்தை நெருங்கும் சைனால் வகுக்க நேர்வதால், அங்கே எல்லோரும் இந்த நேர்கோட்டுக் கலவைக்குத்தான் மாறிக்கொள்கிறார்கள். ஆனால் சுழற்சி 120 பாகையானால் நடுவேகம் முனைவேகத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். 180ஐ நெருங்கினால் இரு மடங்கு. ஆகவே ஆட்சேபம் பாதி சரி: நெருக்கமான நிலைகளுக்கு மலிவான வழி போதும், தொலைவான நிலைகளுக்குச் சைன்கள் தேவை.

அந்தச் சீரான வேகமும் இரண்டு நிலைகளுக்கு நடுவே மட்டும்தான் வரம். முதல் நொடியில் 20 பாகை, அடுத்த நொடியில் வேறோர் அச்சில் 90 பாகை என்று இரண்டு ஸ்லெர்ப்புகளை ஒட்டினால், ஒட்டும் இடத்தில் வேகம் நாலரை மடங்கு தாவும், அச்சும் சட்டென்று மாறும். பார்ப்பவருக்கு அது ஒரு வெட்டாகவே தெரியும். இது ஷூமேக்குக்குத் தெரிந்தே இருந்தது. அதே கட்டுரையில் அவர் ஸ்லெர்ப்பை மேலும் மேலும் அடுக்கி, பெசியர் வளைவைக் கோளத்தின் மேல் வரைந்தார்.