காற்றில் விடைபெறுதல் – 6: ஒலிக்காமல் போன விடைமொழி

நெடுங்காலம் ஒலித்த நிகழ்ச்சியொன்றின் தொகுப்பாளர் நேயர்களிடம் இறுதியாக விடைபெறும் உரையை இத்தொடர் ‘விடைமொழி’ என்று குறித்து வருகிறது. வாரந்தோறும் சொல்லப்படும் ‘மீண்டும் சந்திப்போம்’ என்னும் முடிவுரையிலிருந்து அது வேறுபடுவதற்குக் காரணம், இனி ஒரு சந்திப்பு இல்லை என்பது பேசுபவருக்கு முன்பே தெரிந்திருப்பதுதான். அப்படித் தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லாமல் ஒரு நிகழ்ச்சி முடிந்ததற்கு, அலிஸ்டர் குக் பிபிசி வானொலியில் வழங்கிய ‘லெட்டர் ஃப்ரம் அமெரிக்கா’ தக்க சான்று.

இங்கிலாந்தின் சால்ஃபர்டில் 1908-இல் பிறந்து, 1941-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற குக், அமெரிக்க வாழ்க்கையைப் பிரிட்டிஷ் நேயர்களுக்கு எடுத்துரைக்கும் கால்மணி நேர வாராந்தர உரையை 1946 மார்ச் 24 அன்று தொடங்கினார். தொடக்கத்தில் 13 வாரங்களுக்கு மட்டுமே திட்டமிடப்பட்டிருந்த அந்த உரை, 58 ஆண்டுகளில் 2,869 பகுதிகளாக வளர்ந்தது.

உரைகளை அவர் தட்டச்சுப்பொறியில் தாமே அடித்தார். எனினும் அவை அச்சில் படிப்பதற்கான கட்டுரைகள் அல்ல, காதால் கேட்பதற்கென்றே எழுதப்பட்டவை. ஒரு செய்தியில் தொடங்கி, பழைய நினைவொன்றுக்குத் தாவி, கிளைக்கதையில் சிறிது நேரம் அலைந்து, இறுதியில் எடுத்துக்கொண்ட பொருளுக்கே திரும்பி வரும் அவ்வுரைகளில், எது முக்கியம், எது கேலி என்பதை நேயருக்கு உணர்த்தியவை அவருடைய குரலின் ஏற்ற இறக்கமும் இடைநிறுத்தமுமே. முதுமை முற்றிய காலத்தில் நியூயார்க்கில் தம் வீட்டிலிருந்தபடியே அவற்றைப் பதிவுசெய்தார்.

2004 பிப்ரவரி 20 அன்று ஒலிபரப்பான உரையும் வழக்கம்போல் அமெரிக்க அரசியலைப் பேசி முடிந்தது. பின்னர் மருத்துவர்களின் அறிவுரைப்படி ஓய்வு பெறுவதென அவர் முடிவெடுக்க, மார்ச் 2 அன்று அது அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 95. தம்மால் இனித் தொடர இயலாது என்பதை முதலில் சொல்லி, உரையாற்றுவதில் தாம் கண்ட மகிழ்ச்சியில் ஒரு பங்காவது நேயர்களையும் எட்டியிருக்கும் என்று நம்பி, அவர்களுடைய பற்றுக்கு நன்றி கூறி விடைபெறும் அந்த அறிக்கை, ஒரு விடைமொழிக்கு வேண்டிய உறுப்புகள் அனைத்தையும் சில வரிகளுக்குள் கொண்டிருந்தது. குரல் ஒன்றுதான் அதில் இல்லை. கேட்பதற்கென்றே எழுதிப் பழகியவரின் விடைமொழி எழுத்தாகவே நின்றுவிட்டது. மார்ச் 30 அன்று அவர் காலமானார்.

ஆகவே நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியை மட்டும் கேட்பவருக்கு, அதுவே கடைசி என்பதற்கு எந்த அடையாளமும் கிடைப்பதில்லை. இதற்கு நேர்மாறாக, 2009-இல் தம் விலகலை மூன்று மாதங்களுக்கும் மேலாக முன்பே அறிவித்துவிட்டு, காலை நிகழ்ச்சியிலேயே நேயர்களிடம் நேரில் விடைபெற்ற டெர்ரி வோகனின் விடைமொழி அடுத்த இதழில் ஆராயப்படும்.

(தொடரும்)