எல்சி திறந்தாச்சு, டாலர் ஏறினால் யார் தலையில்?

மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலைகளுக்கு உள்ளூர்க் கொட்டை போதாது. ஐவரி கோஸ்ட், கினி பிசாவ், தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து பச்சைக் கொட்டை கப்பலேறி வருகிறது. விற்பவரும் வாங்குபவரும் முகம் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். இருவருக்கும் நடுவில் நிற்பது எல்சி. சரக்கை ஏற்றியதற்கான ஆவணங்கள் சொன்னபடி வந்து சேர்ந்தால், வாங்குபவர் கையை விரித்தாலும் பணத்தை நான் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கி விற்பவருக்கு எழுதிக் கொடுக்கும் வாக்கு அது. வாக்கு டாலரில் இருக்கும். அந்த டாலருக்கு எத்தனை ரூபாய் என்பது பற்றி எல்சியில் ஒரு வரிகூட இருக்காது.

அந்த எழுதாத வரி யாரை எப்போது சுடும் என்று பார்க்க 2013-ஐ விட நல்ல ஆண்டு கிடையாது. அந்த மே தொடக்கத்தில் டாலர் 54 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே இருந்தது. கணக்குக்காக ஓர் ஆலை முதலாளியை வைத்துக்கொள்வோம். டன் 800 டாலர் வீதம் 250 டன்னுக்கு, இரண்டு லட்சம் டாலருக்கு, ஐவரி கோஸ்ட் வியாபாரியிடம் பேசி முடிக்கிறார். கப்பலில் ஏற்றிய தேதியிலிருந்து 90 நாள் கழித்துப் பணம் என்று எல்சி. அவர் மனக்கணக்கில் கொட்டையின் விலை 1 கோடியே 8 லட்சம்.

அவர் பாடு எல்சி திறந்த அன்று தொடங்கவில்லை, விலை பேசிய அன்றே தொடங்கிவிட்டது. நடுவில் வங்கிக்கு விண்ணப்பம் போட்டு, சொத்துக் காகிதங்களைக் காட்டி, எல்சி வெளியே போவதற்குள் ஒரு வாரம், பத்து நாள் ஓடிவிடும். அந்த நாட்களில் டாலர் ஏறினாலும் அவர் கணக்கில்தான் ஏறும்.

எல்சி திறந்த பிறகு வங்கிக்கு நாணய ஆபத்து உண்டா? நேரடியாக இல்லை. தவணை நாளில் அன்றைய விலைக்கு டாலரை வாங்கி, அதே விலையில் தன் லாபத்தையும் சேர்த்து வாடிக்கையாளரிடம் ரூபாயாக வாங்கிக்கொள்ளும். ஆனால் பக்கவாட்டில் ஒரு உதை உண்டு. வங்கி கொடுத்த எல்சி லிமிட் ரூபாயில். நம் ஆலைக்கு 1 கோடியே 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீத மார்ஜினாகப் பிடித்து வைத்த டெபாசிட்டும் ரூபாயில். டாலர் ஏற ஏறக் கடமை பெருக்கிறது. டெபாசிட் அப்படியே கிடக்கிறது. ஒரு நாள் கிளையிலிருந்து போன் வரும்: “லிமிட் தாண்டிடுச்சு சார், இன்னும் கொஞ்சம் மார்ஜின் போடணும்.” தவணை இன்னும் எட்டாத தூரத்தில் இருக்கும்போதே ஆலையின் கையிருப்பு கரையத் தொடங்குவது இப்படித்தான்.

சரக்கு மே 29 அன்று அபிஜான் துறைமுகத்தில் கப்பலேறியது என்று கொள்வோம். பில் ஆஃப் லேடிங்கில் கப்பல் கம்பெனி போடும் அந்தத் தேதிதான் தவணையை நிர்ணயிக்கிறது: ஆகஸ்ட் 27. தேதியைத் தேர்ந்தெடுப்பது வாங்குபவரும் அல்ல, அவர் வங்கியும் அல்ல. எல்சி குறித்த கெடுவுக்குள் எந்த நாளில் ஏற்றினாலும் விற்பவருக்குச் சரியே. ஒரு நாள் தள்ளி ஏற்றினால் ஒரு நாள் தள்ளித் தவணை.

இதற்குள் அமெரிக்காவில் ஒன்று நடந்திருந்தது. மே 22 அன்று, பெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கே, பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கத் தொடங்கலாம் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். இந்தியா போன்ற நாடுகளிலிருந்து டாலர் வெளியேறியது. ஆகஸ்ட் 27-இல் டாலர் 66 ரூபாயைத் தொட்டது. இரண்டு லட்சம் டாலருக்கு 1 கோடியே 32 லட்சம். கொட்டை அதே கொட்டை, விலை அதே 800 டாலர். 24 லட்சம் கூடுதல். மறுநாள் டாலர் 68 ரூபாயையும் தாண்டி 69-ஐ நெருங்கியது. அன்று ரிசர்வ் வங்கி எண்ணெய் நிறுவனங்களுக்குத் தனியாக டாலர் தர ஏற்பாடு அறிவித்ததும், அதற்கு அடுத்த நாள் சுமார் இரண்டு ரூபாய் இறங்கியது. அபிஜானில் ஏற்றுமதி ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் ஆலைக்கு இன்னும் நான்கைந்து லட்சம் போயிருக்கும்.

விற்பவர் நிம்மதியாக இருந்தார் என்று நினைக்க வேண்டாம். அவர் விவசாயிக்குக் கொடுத்தது டாலர் அல்ல, சிஎஃப்ஏ பிராங்க். அது யூரோவோடு கட்டிப்போட்ட நாணயம். ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க். யூரோ வலுத்தால் அவருடைய டாலருக்குக் குறைந்த பிராங்கே கிடைக்கும். எல்சி அவருக்கு டாலரை உறுதி செய்தது, பிராங்கை அல்ல. ஆவணங்களைத் தன் ஊர் வங்கியில் கொடுத்து, வட்டியைக் கழித்துக்கொண்டு ஜூனிலேயே பணத்தை வாங்கி மாற்றிவிட்டால் அவர் ஆபத்து அங்கேயே முடியும். 90 நாள் காத்திருந்தால் 90 நாளும் தொடரும்.

ஆவணத்தில் பிழை இருந்தால் கதை மாறுகிறது. எல்சிகளுக்கான சர்வதேச விதிகளான யுசிபி 600-இன்படி, வங்கி ஆவணங்களைப் பார்க்க ஐந்து வேலை நாள் உண்டு. பிழையைச் சுட்டித் திருப்பினால் வங்கியின் வாக்கு தளர்ந்துவிடும். வாங்குபவர் சம்மதித்தால்தான் பணம். டாலர் ஏறிக்கொண்டிருக்கும்போது வாங்குபவரின் கண் எழுத்துப் பிழை தேடுவதில் எவ்வளவு கூர்மையாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதுவரை எடுபடாத ஒற்றை எழுத்து அன்று விலை பேசும் ஆயுதம்.

ஆகஸ்ட் 27 அன்று ஆலை முதலாளியிடம் ரூபாய் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வங்கி தன் பெயரைக் காப்பாற்ற டாலரைக் கட்டிவிட்டு, அன்றைய விலையில் அதை ரூபாய்க் கடனாக மாற்றிவிடும். தவணை எல்சியில் இது தவணை நாளிலேயே நடக்கும். ஆவணத்தைக் கண்டதும் பணம் கட்ட வேண்டிய எல்சியில், ஆவணம் வந்த பத்தாம் நாள் வழக்கம். இதற்குப் பிறகு நாணய ஆபத்து யாருக்கும் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அக்டோபரில் டாலர் 61, 62-க்கு இறங்கியபோது இவருக்குப் பைசா மிச்சமில்லை. கடன் 66-இல் உறைந்துபோய், அதன்மேல் வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

பருப்பை ஏற்றுமதி செய்யும் ஆலைக்கு இந்த வலி குறைவு. வரும் டாலரை வைத்தே போகும் டாலரைக் கட்டலாம். உள்ளூர்ச் சந்தைக்கு விற்பவருக்கு ஃபார்வர்டு ஒப்பந்தம்தான் வழி. மே தொடக்கத்திலேயே ஆகஸ்ட் இறுதிக்கான டாலரை வங்கியிடம் விலை பேசி வைத்திருந்தால், அன்றைய நிலவரத்தில் ஏறக்குறைய ஒரு ரூபாய் கூடுதலாகியிருக்கும். மொத்தம் இரண்டு லட்சம். 24 லட்சத்துக்கு அது மலிவு என்று இன்று சொல்வது சுலபம். டாலர் இறங்கியிருந்தால் அதே இரண்டு லட்சம் வீண் செலவாகத் தெரிந்திருக்கும். பல முதலாளிகள் ஃபார்வர்டு எடுக்கத் தயங்குவதும் அதனால்தான்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்சி திறக்கும் நாளில் சரக்கு என்றைக்குக் கப்பலேறும் என்று தெரியாது. அதனால் ஒரே நாளுக்கு அல்லாமல், ஒரு மாத அளவிலான இடைவெளிக்குள் எப்போது வேண்டுமானாலும் டாலரை எடுத்துக்கொள்ளும்படி ஃபார்வர்டு போடுவார்கள். வங்கி அந்த இடைவெளியின் கடைசி நாளுக்கான விலையைத்தான் கேட்கும். சரக்கு வராமலே போனால் ஒப்பந்தத்தை ரத்து செய்தாக வேண்டும். அப்போது டாலர் இறங்கியிருந்தால் அந்த வித்தியாசமும் ஆலையின் கணக்கிலிருந்துதான் போகும், கிடங்கில் ஒரு மூட்டைக் கொட்டைகூட இல்லாமல்.