அக்காவுக்கு ஒரு தவணைக் கடிதம்

அக்காவிடம் கடனைத் திருப்பிக் கேட்கிற தம்பிக்கு ஊரில் நல்ல பேர் இருக்காது. சீர் செய்ய வேண்டியவன், அவள் பிள்ளைகளுக்குக் காதுகுத்தில் மடி கொடுத்தவன், கணக்கு நோட்டோடு போய் நின்றால் எப்படி? அதனால் பெரும்பாலானவர்கள் நேரில் கேட்பதில்லை. அம்மாவிடம் ஜாடையாகச் சொல்வார்கள். அம்மா தன் பங்குக்கு நாலு வார்த்தை சேர்த்து அக்காவிடம் சொல்வாள். அது அக்கா காதுக்குப் போய்ச் சேரும்போது, "உன் தம்பி பொண்டாட்டிதான் தூண்டிவிடுறா" என்று ஆகியிருக்கும். இந்தச் சுற்றுவழியைவிட நேராக ஒரு பக்கக் கடிதம் எழுதுவது எவ்வளவோ மரியாதையானது. அதை எப்படி எழுதுவது என்பதுதான் விஷயம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாடி எடுக்க அக்காவுக்குத் தம்பி மூன்று லட்சம் கொடுக்கிறார். புரோநோட்டு எழுதவில்லை, அக்காவிடம் போய் யார் புரோநோட்டு கேட்பது? மாதம் பத்தாயிரம், முப்பது தவணை, வட்டி இல்லை என்று வாய்ப்பேச்சுதான். பதினாலு தவணை ஒழுங்காக வந்தது. பிறகு மகளுக்குத் தலை தீபாவளி. இரண்டு மாதம் நின்றுவிட்டது. தீபாவளி முடிந்த அடுத்த வாரம் தம்பி எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். மாமாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும். தலை தீபாவளி நல்லபடியாக நடந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்.

மாடி வேலைக்காக 10.06.2024 அன்று உங்கள் வங்கிக் கணக்கில் ரூ.3,00,000 கடனாகப் போட்டேன். வட்டி இல்லாமல், ஜூலை முதல் மாதம் 5-ஆம் தேதிக்குள் ரூ.10,000 என்று பேசிக்கொண்டோம். ஆகஸ்ட் 2025 வரை 14 தவணை, ரூ.1,40,000 வந்துவிட்டது. பாக்கி ரூ.1,60,000. செப்டம்பர், அக்டோபர் தவணைகளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். நவம்பர் 5 முதல் பழையபடி போட்டு வந்தால் பிப்ரவரி 2027-இல் முடிந்துவிடும்.

ஜனவரியில் பையனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறேன். நவம்பரில் முழுத் தவணை முடியாது என்றால், எவ்வளவு முடியும் என்று 1-ஆம் தேதிக்குள் சொன்னால் போதும். கணக்கு சரியா என்று பார்த்து, சரியென்றால் கீழே கையெழுத்தும் தேதியும் போட்டு ஒரு பிரதியை அனுப்பவும். இப்படிக்கு, அன்புத் தம்பி."

இதில் 'நீங்கள் ஏன் தரவில்லை' என்ற கேள்வியே இல்லை. நின்றுபோன இரண்டு தவணைக்கு அக்கா காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தம்பியே அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். ஆனால் அடுத்த தேதியில் மட்டும் இளக்காரம் காட்டவில்லை. 'சௌகரியப்படும்போது கொடுங்கள்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் மற்ற எல்லா வரியும் வீண். தனக்கு ஏன் தேவை என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்தியிருக்கிறார். மனைவியின் நகை அடகில் இருப்பதுதான் உண்மையான அவசரமாக இருந்தாலும், அதை எழுதாமல் விடுவது உத்தமம் என்பேன். அந்த ஒரு வரியால் கடிதத்தை எழுதியது யார் என்ற ஆராய்ச்சி ஆரம்பித்துவிடும். கடிதம் அக்கா பேருக்குத்தான் போக வேண்டும். பணம் வாங்கியது அவர். மாமாவுக்கு எழுதினாலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாலோ அது கடிதமல்ல, பஞ்சாயத்து.

கடைசி வரியில் கேட்கும் கையெழுத்துக்கு வருவோம். பலருக்கும் இது நம்பிக்கையில்லாத காரியமாகத் தெரியும். நம் நாட்டுக் காலவரையறைச் சட்டம் 1963-ஆம் ஆண்டினது. கைமாற்றாகக் கொடுத்த கடனுக்கு அது வைத்திருக்கும் கெடு மூன்று வருடம். பணம் கொடுத்த நாளிலிருந்து ஓடும். தவணைப் பேச்சுக்கு எழுத்து எதுவும் இல்லாதபோது, அந்த நாளை வைத்துக் கணக்குப் போடுவதே பத்திரம். ஜூன் 2024-இல் கொடுத்த பணத்துக்கு ஜூன் 2027-இல் கெடு முடிகிறது. தவணையோ பிப்ரவரி 2027 வரை போகிறது. இன்னும் நாலு மாதம் தள்ளிப்போனால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

வருடா வருடம் ஞாபகக் கடிதம் போட்டு வந்தால் கெடு புதுப்பித்துக்கொண்டே போகும் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. கொடுத்தவர் நூறு கடிதம் எழுதினாலும், வக்கீல் நோட்டீஸே அனுப்பினாலும், ஒரு நாள்கூட நீளாது. வாங்கியவர் கெடு முடிவதற்குள் 'இவ்வளவு பாக்கி உண்டு' என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். அக்டோபர் 2025 கடைசியில் அக்கா கையெழுத்திட்டால் கெடு அக்டோபர் 2028 கடைசிக்குப் போய்விடும். புரோநோட்டின் பின்புறம், கடன் வாங்கியவர் கையாலேயே 'இன்ன தேதியில் இவ்வளவு வரவு' என்று எழுதி வாங்கும் பழைய வழக்கத்துக்கும் காரணம் இதுதான். தம்பிக்குக் கோர்ட்டுக்குப் போகும் எண்ணமே இருக்காது. ஆனால் நாளைக்கு இருவரில் ஒருவர் இல்லாமல் போனால், பிள்ளைகளிடம் இருக்கப்போவது இந்தத் தாள் மட்டும்தான்.

இதே கடிதத்தில் அன்பின் பேரால் நுழையக்கூடிய ஆபத்தான வரி ஒன்று உண்டு: 'பாங்குக்கு அலைய வேண்டாம், வரும்போது கையில் கொடுத்தால் போதும்.' வருமான வரிச் சட்டப்படி இருபதாயிரமோ அதற்கு மேலோ உள்ள கடனை ரொக்கமாக வாங்கவும் கூடாது, திருப்பித் தரவும் கூடாது. தவணை பத்தாயிரம்தானே என்று தப்பிக்க முடியாது. பார்ப்பது கடனின் மொத்த அளவை. அபராதம் அந்தத் தொகை அளவுக்கே போகலாம், அதுவும் ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தவர் தலையில், அதாவது அக்கா தலையில். சொந்தக்காரர்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் என்று விளக்கம் சொல்லி விடுபட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த விளக்கத்தைச் சொல்ல அக்காவை ஏன் அலுவலகம் ஏற வைக்க வேண்டும்? வங்கிக் கணக்கில் போட்டால் தம்பிக்கும் ரசீது, அக்காவுக்கும் ரசீது.

சீரைக் கடனில் கழிப்பது அடுத்த கோளாறு. தலை தீபாவளிக்குத் தாய்மாமன் எடுத்துக் கொடுத்த பட்டும் மோதிரமும் ஒரு கணக்கு, மாடிக்குக் கொடுத்தது வேறு கணக்கு. 'சீருக்கே இவ்வளவு செலவழித்தேன்' என்று கடிதத்தில் ஒரு சொல் வந்தாலும், அக்கா கல்யாணத்தில் தனக்குக் குறைந்துபோன சவரனைப் பற்றிப் பதில் எழுதுவார். எழுதினால் அது நியாயமும்கூட.

பதிலில், 'அப்பா வீட்டில் எனக்கும் பாகம் இருக்கிறதே, அதில் கழித்துக்கொள்' என்று வரலாம். வெறும் கோபப் பேச்சாக இதை ஒதுக்க முடியாது. தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுதும் 2005-இலும் வந்த திருத்தங்களுக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை உண்டு. ஆனால் பாகத்தை விட்டுக்கொடுக்க விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். கடிதத்தில் எழுதும் 'சரி'யால் வீடு கைமாறாது. ஒன்றரை லட்சத்துக்கும் அந்தப் பாகத்தின் மதிப்புக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே தம்பி எழுத வேண்டிய பதில் இரண்டு வரி: பாகத்தைப் பற்றி அம்மாவையும் வைத்துக்கொண்டு பொங்கலுக்குப் பேசலாம், நவம்பர் தவணை எவ்வளவு வரும் என்று மட்டும் இப்போது சொல்லவும்.