மாதவரம் மெட்ரோவுக்கு வி-மாடலா, அஜைலா? 13 மார்க் கேள்விக்கு ஒரு உள்ளூர் உதாரணம்

‘எந்த ப்ராசஸ் மாடல் எப்போது பொருந்தும்?’ செமஸ்டர் பேப்பரில் இந்தக் கேள்வி வந்தால், பலரும் வாட்டர்ஃபால் படத்தை வரைந்து, நிறை குறைகளை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனா கேள்வியில் இருக்கிற முக்கியமான வார்த்தை ‘எப்போது’.

உதாரணத்துக்கு மாதவரம் போவோம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் சிறுசேரி சிப்காட், சோழிங்கநல்லூர் என இரண்டு வழித்தடங்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஓடப்போவது ஓட்டுநர் இல்லாத ரயில்கள். முன்னால் போகும் ரயிலோடு மோதாமல் பார்த்துக்கொள்வது சிக்னல் சாஃப்ட்வேரின் வேலை.

ஒரு சின்ன கணக்கு போடலாம். மணிக்கு 80 கி.மீ. என்றால் நொடிக்கு சுமார் 22 மீட்டர். நொடிக்கு நொடி வேகம் 1 மீ/நொடி குறைவதாக வைத்துக்கொண்டால், பிரேக் பிடித்த பிறகு ரயில் நிற்க சுமார் 247 மீட்டர் தேவை. ஆனா கட்டளை போய் பிரேக் பிடிக்கவே 2 நொடி ஆகும் என்றால், அதற்குள் இன்னும் 44 மீட்டர் ஓடியிருக்கும். (எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை.)

தேவைப் பட்டியல் எழுதியவர் அந்த 2 நொடியை மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட் எழுதியவர் 247 மீட்டர் என்றே எழுதுவார். யூனிட் டெஸ்ட்டும் பாஸ் ஆகிவிடும், ஏன்னா கோட் டிசைனை அப்படியே பின்பற்றியிருக்கிறது. தவறு இருப்பது தேவையில்.

இங்கேதான் வி-மாடல் உதவுகிறது. தேவையை எழுதும்போதே ‘முழு வேகத்தில் வரும் ரயில் உண்மையில் எங்கே நின்றது?’ என்ற சிஸ்டம் டெஸ்ட்டையும் திட்டமிட வேண்டும். அதை யோசிக்கும்போதே அந்த 2 நொடி பலமுறை கண்ணில் பட்டுவிடும். 2023-ல் புதியது வரும் வரை ரயில்வே சாஃப்ட்வேருக்கான ஐரோப்பியத் தரநிலையாக இருந்த இஎன் 50128, இதற்கு மேல் ஒரு படி போனது. உச்சபட்ச பாதுகாப்பு நிலையில், எழுதியவரே சரிபார்க்கக் கூடாது.

வி-மாடலின் பலவீனமும் இதிலேயே இருக்கிறது. தேவை பாதியில் மாறினால் இடது பக்க ஆவணம், வலது பக்க டெஸ்ட் இரண்டையும் திருத்தணும். பிரேக் தூரம் பயணியின் விருப்பத்துக்கு மாறாது என்பதால், சிக்னலுக்கு அது பெரிய சுமை இல்லை.

அதே மெட்ரோவில் டிக்கெட் எடுக்கும் வசதியைப் பாருங்க. பயண அட்டை, கியூஆர் டிக்கெட், 2023-ல் வாட்ஸ்அப் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அடுத்து பயணிகள் என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே யாராலும் எழுதிவைக்க முடியாது. பிழை வந்தால் கவுன்ட்டரில் வரிசை நீளும், அவ்ளோதான். இதற்கு இன்கிரிமென்டல் அல்லது அஜைல் போதும். ஆனா பணம் வெட்டும் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கண்டிப்பு வேணும்.

விடைத்தாளில் மாடல் பெயருக்கு முன்னால் இரண்டு வரி எழுதுங்க: தேவை எவ்வளவு மாறும், தவறினால் யார் பாதிக்கப்படுவார். ‘பாதுகாப்பு முக்கியம், தேவையும் தெளிவில்லை’ என்று கேள்வி மடக்கினால்? அங்கே ஸ்பைரல் எழுதலாம். முதல் சுற்றில் அதிக ஆபத்துள்ள பகுதிக்கு மட்டும் மாதிரி செய்து பார்த்து, மிச்சத்தை அப்புறம் முடிவு செய்வது அது.