கைக்கு வராத கடனுக்கும் வட்டி

கடன் பத்திரத்தில் எழுதிய தொகை ஒன்று, கையில் கிடைத்துச் செலவழிக்க முடிகிற தொகை வேறு. இந்த வேறுபாடு இரண்டு வழிகளில் வரும். ஆண்டு முடிவில் தர வேண்டிய வட்டியை வங்கி முதலிலேயே கழித்துக்கொள்வது முன்கழிவு வட்டி. நம்மூர்க் கைமாற்றுக் கடன்களில் வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதும் இதே கணக்குதான். கடனில் ஒரு பகுதியை அதே வங்கிக் கணக்கில் எடுக்காமல் வைத்திருக்கச் சொல்வது ஈடுசெய் இருப்பு. அமெரிக்க வணிக வங்கிகளில் நெடுங்காலம் வழக்கமாக இருந்த நிபந்தனை இது. அங்கே நடப்புக் கணக்குக்கு வட்டி தருவதை 1933ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம் தடுத்தது. 2011இல்தான் தடை நீங்கியது. அதனால் முடங்கிக் கிடந்த அந்த இருப்பு வங்கிக்குச் செலவில்லாத பணமாக இருந்தது.

ஒரு நிறுவனம் 1,00,000 டாலரை ஓராண்டுக்குக் கடன் வாங்குகிறது. வட்டி 10 சதவீதம், முன்கழிவு. இருப்பு 15 சதவீதம். வட்டிக்கு 10,000, இருப்புக்கு 15,000 போக, கையில் நிற்பது 75,000 டாலர். ஆண்டு முடிவில் 1,00,000 திருப்பித் தர வேண்டும். முடங்கிய 15,000 விடுபடுவதால் புதிதாகத் திரட்ட வேண்டியது 85,000. ஆக, 75,000 டாலரைப் பயன்படுத்த 10,000 டாலர் செலவு. மெய்யான வட்டி 13.33 சதவீதம்.

பலர் தடுக்கி விழும் இடம், எவ்வளவு கடன் கேட்பது என்பதில்தான். தேவை 75,000 என்றால், பிடித்தம் 25 சதவீதம்தானே என்று அதனுடன் கால்பங்கைக் கூட்டி 93,750 கேட்பார்கள். பிடித்தமோ கேட்ட தொகை முழுவதிலும் விழுகிறது. கைக்கு வருவது 70,312.50 மட்டுமே. தேவையை 0.75ஆல் வகுக்க வேண்டும். அப்போதுதான் 1,00,000 என்ற சரியான தொகை வரும்.

அந்த வங்கியில் நிறுவனம் எப்படியும் 10,000 டாலர் வைத்திருக்கும் வழக்கமுடையதாக இருந்தால் கதை மாறும். கடனிலிருந்து கூடுதலாக முடங்குவது 5,000 மட்டுமே. பயன்படும் தொகை 85,000 ஆகி, மெய்யான வட்டி 11.76 சதவீதத்துக்கு இறங்கும். வழக்கமான இருப்பே 15,000 என்றால் நிபந்தனையால் புதிய சுமை ஏதுமில்லை. முன்கழிவின் விளைவான 11.11 சதவீதம் மட்டுமே மிஞ்சும். வங்கி கேட்கும் சதவீதத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. கடன் வாங்குபவரின் பழைய கணக்கேட்டைப் புரட்டினால்தான் தெரியும்.

வெளியாருக்கும் இது மறைவாகவே இருந்தது. கணக்கறிக்கையில் ரொக்கமாகத் தெரிந்த தொகையில் எவ்வளவு முடங்கியது என்று முதலீட்டாளரால் அறிய முடியாது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 1973இல் இத்தகைய இருப்புகளைத் தனியே வெளிப்படுத்த வேண்டும் என்று அறிவித்தது.

இதே கடன் மூன்று மாதத்துக்கு என்றால் முன்கழிவு 2,500 டாலர்தான். கையில் 82,500 நிற்கும். காலாண்டுச் செலவு 3.03 சதவீதம். அதை நான்கு முறை கூட்டுவட்டியாகப் புதுப்பித்தால் ஆண்டுக்கு 12.68 சதவீதம், வெறுமனே நான்கால் பெருக்கினால் 12.12 என்று குறைவாகக் காட்டும்.